நாம் சந்தித்ததில்லை

வேலை வேண்டும் என்று தவிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் புத்தி மந்தப்படும். முனிலட்சுமிக்கும் அப்படித்தான் ஆயிற்று, தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில்.

பாகலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்குக் கித்தான் துணியில் கையுறை தைத்துக் கொண்டிருந்தாள். இரும்புத் தகடு தூக்குகிறவனுக்குக் கையுறை இல்லாவிட்டால் உள்ளங்கை கிழிந்துவிடும். ஆகவே இந்த ஊரில் இது அழியாத வேலை என்று அவள் நம்பியிருந்தாள். நம்பிக்கை சரிதான். ஒரே ஒரு கம்பெனியை மட்டும் நம்பியதுதான் தப்பு. அந்தக் கம்பெனியில் ஸ்ட்ரைக் வந்து, லாக்அவுட் வந்து, கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. பட்டறையில் தைக்கிற பெண்கள் துணி வெட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பொங்கலுக்குள் புதிய ஆர்டர் வராவிட்டால் மெஷின்களை விற்க வேண்டியதுதான்.

துணி எடுத்து வருவதும் சரக்கைக் கொண்டு கொடுப்பதும் ஜமீர் அகமதின் பங்கு. பட்டறையில் அவன் கூட்டாளி. வாய்க்காரன், நல்லவன், அவசரக்காரன். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு வித்தையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். கடிதத்தை ஒரே தடவை அடித்தால் போதுமாம். பெயரையும் விலாசத்தையும் தனியாகக் கொடுத்துவிட்டால் மெஷினே ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு பெயரைப் போட்டு அச்சடித்துத் தள்ளுமாம். தொழிலதிபர் சங்கத்தின் டைரக்டரியிலிருந்து பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் ஆட்கள் பெயரையெல்லாம் எடுத்தான். இங்கிலீஷில் அடித்து வந்ததை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினான். பெங்களூர் தொழில் கண்காட்சியில் உங்களைச் சந்தித்துப் பேசியதை மறக்கவே முடியாது, குடும்பத்தில் அனைவரும் நலமா, உங்கள் கம்பெனிக்கு ஒரு வருஷ கான்ட்ராக்ட் எங்களுக்கே தர வேண்டும் என்று போயிற்று கடிதம்.

அவர்களையெல்லாம் எங்கே சந்தித்தோம் என்று முனிலட்சுமி கேட்டாள். எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், பெரிய ஆளுங்களுக்கு யாரைப் பார்த்தோம் என்று ஞாபகமா இருக்கப்போகிறது என்றான் ஜமீர். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் விற்கப்போகிற மெஷின்களைப் பார்த்தாள், பேனாவை வாங்கி எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் கண்காட்சியில் அவள் ஒருவரை நிஜமாகவே சந்தித்திருந்தாள். தகடு அழுத்திப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசர், நாராயணப்பன் என்று பெயர். அவள் பையிலிருந்த கையுறையை வாங்கி, தன் கையில் மாட்டி, கட்டைவிரலை விரித்து மடக்கிப் பார்த்தார். கட்டைவிரல் பிரிகிற கவட்டையிலேயே தையல் விழுகிறது, தகட்டு விளிம்பு அங்கேதான் உரசும், ஒரே ஷிஃப்டில் பிரிந்துவிடும் என்றார். சரிசெய்து ஒரு ஜோடி கொண்டுவந்தால் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவள் ஊருக்கு வந்து தையலைக் கவட்டையிலிருந்து புறங்கைப் பக்கம் தள்ளி, அந்த இடத்தில் ஓர் ஒட்டுத் துணியும் வைத்து ஒரு ஜோடி தைத்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோவதற்குள் கடிதம் முந்திக்கொண்டது. டைரக்டரியில் அவர் பெயரும் இருந்ததே.

கையுறையோடு அவள் போனபோது நாராயணப்பன் கேட்டுக்கே வந்துவிட்டார். கையில் அந்தக் கடிதம். கோபம்கூட இல்லை அவர் முகத்தில், அதுதான் அவளைக் கொன்றது.

"ஏம்மா, தெனமும் பெங்களூர்லேருந்து நாங்க நாலு பேரு ஒரே கார்ல பங்கு போட்டுக்கிட்டு வர்றோம். நாலு பேரும் வேற வேற கம்பெனி. நாலு பேருக்கும் இதே காயிதம் வந்திருக்கு. அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல வண்டி நின்னப்ப ஒருத்தர் மாத்தி ஒருத்தர் படிச்சுச் சிரிச்சாங்க. அவங்க மூணு பேரும் ஒங்களப் பாத்ததே இல்ல. நான் பாத்தேன். ஒங்க கையுறையப் பத்தி அரைமணி நேரம் பேசினேன். இப்ப அதுவும் பொய் மாதிரி ஆயிப்போச்சு. ஒரு ஜோடி கூட போட்டுப் பாக்கல, அதுக்குள்ள ஒரு வருஷ கான்ட்ராக்ட்டா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முனிலட்சுமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழலாமா என்று பார்த்தாள், அழுது என்ன ஆகப்போகிறது? கொண்டுபோன ஜோடியை வாட்ச்மேனிடம் கொடுத்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில், 'நீங்கள் சொன்ன இடத்தில் தையலை மாற்றியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதிச் சேர்த்தாள். ஆர்டர் என்ற வார்த்தையை எழுதவில்லை.

பட்டறைக்கு வந்ததும் ஜமீரிடம் ஒரு கட்டு தபால் கார்டு வாங்கிவரச் சொன்னாள். கடிதம் போன ஒவ்வொருவருக்கும் கையால் எழுத வேண்டும். நாம் சந்தித்ததில்லை, சந்தித்ததாக எழுதியது பொய், மன்னிக்க வேண்டும், பதில் வேண்டாம். அவ்வளவுதான். ஜமீர் தலையில் கை வைத்துக்கொண்டான். சிரித்துவிட்டு மறந்து போகிறவர்களுக்கு நாமே ஞாபகப்படுத்துவதா, இனி ஓசூரில் ஒருத்தன் நம்மைச் சேர்ப்பானா என்று மன்றாடினான்.

"சேக்காட்டிப் போவட்டும் பாய். பொய் சொன்னவங்கன்னு சேக்காம இருக்கறதுக்குப் பதிலா, ஒத்துக்கிட்டவங்கன்னு சேக்காம இருக்கட்டும்," என்றாள்.

அவள் தமிழில் எழுதினாள். தமிழ் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷில் எழுத வேண்டியது ஜமீரின் தலையெழுத்து. மெஷின் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளியதையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகக் கையால் எழுதினான். கை வலிக்கிறது என்றான். வலிக்கட்டும் என்றாள். பாதி எழுதியதும் அவனுடைய முணுமுணுப்பு நின்றுவிட்டது. நாராயணப்பனுக்கு இங்கிலீஷா தமிழா என்று கேட்டான். அவருக்கு வேண்டாம் என்றாள்.

கார்த்திகை பிறந்தது. ஒரு பதிலும் இல்லை. பதில் வேண்டாம் என்று அவளே எழுதியிருந்தாளே, யாரை நொந்துகொள்ள? ஒரு மெஷினை விலைக்குக் கேட்டு, பக்கத்து ஊரான பேரிகையிலிருந்து ஆள் வந்து போனான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரவல் துணியில் அதே மாதிரி இன்னும் சில ஜோடிகள் தைத்தாள், யார் கேட்டாலும் காட்டுவதற்கு.

ஒருநாள் காலையில், கடிதத்தில் நம்பர் கொடுத்திருந்த பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஜமீரும் கூடவே ஓடிவந்தான். மறுமுனையில் நாராயணப்பன்.

"கார்ல மூணு பேருக்கும் கார்டு வந்திருக்கு. எனக்கு மட்டும் வரலியே, ஏன்?"

"ஒங்களத்தான் பாத்திருக்கேனே சார். ஒங்களுக்குப் போய் பாத்ததில்லன்னு எப்பிடி எழுதுவேன்?"

  அவர் கையுறைப் பேச்சுக்கு வந்தார். அவள் கொடுத்த ஜோடியைத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஓர் ஆளிடம் கொடுத்துப் போட்டுப் பார்த்தாராம். கட்டைவிரல் பக்கம் தாங்கிவிட்டது, ஆனால் ஆள்காட்டி விரல் நுனி கிழிந்துவிட்டது என்றார். கிழிந்தாலும் அங்கே இப்போது போடுகிற கையுறையைவிட ரொம்ப நாள் உழைத்ததாம்.

"சரி, ஒங்க காயிதத்துல என்னென்னமோ கேட்டிருந்தீங்க. இப்ப சொல்லுங்க, என்ன வேணும்?"

ஜமீர் பக்கத்தில் நின்று ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டிருந்தான். ஐநூறு ஜோடி என்று வாயசைத்தான், ஆயிரம் என்று கையை விரித்தான். முனிலட்சுமி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"அந்தக் கிழிஞ்ச ஜோடி வேணும் சார். எங்க கிழிஞ்சிருக்குன்னு பாக்கணும்."

"வாங்க," என்றார் நாராயணப்பன். "ஆனா கேட்டுல நிக்காதீங்க. பேரச் சொல்லி வச்சிருக்கேன். உள்ள வாங்க."