காற்றடித்த ஃபில்டர்

மனைவி மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கிறதா என்று காது கொடுப்பதே குணசீலனுக்கு மூன்று வருடமாகப் பிழைப்பாகிப் போனது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவர் அவர். பகல் முழுக்கச் சுத்தியலும் வெல்டிங்கும் அறைகிற காது, சாயங்காலம் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த ஒரு சத்தத்தைத் தேடும்.

மனைவி சண்முகப்பிரியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. பிசியோதெரபிஸ்ட் வேலை. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு வீடு வீடாகப் போய் கை கால் பயிற்சி கொடுத்து வருகிறாள். ஒரு நாளைக்கு ஏழு வீடு. கார் இல்லாமல் நடக்கிற வேலை இல்லை அது.

போன மாதம் ஐந்து ரோடு சிக்னலில், புகை கக்கிய ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றிருந்தவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. டிராஃபிக் போலீஸ்காரர் கதவைத் திறந்தபோது இன்ஹேலரை எடுக்கக்கூடக் கை தூக்க முடியாமல் கிடந்தாளாம். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நல்ல ஏசி ஃபில்டர் உள்ள வண்டியாகப் பாருங்கள், நெரிசலில் வெளிக்காற்றை அடைத்துவிட்டு ஓட்டுங்கள், அதற்கப்புறமும் இப்படி வந்தால் ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது. வேலை போனால் என்ன ஆவோம் என்ற பயம் அன்று முழுக்கப் பிரியாவின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. குணசீலனுக்கோ வேலையாவது ஒன்றாவது, அவள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் ஷோரூமில் போய் நின்றார்கள். விற்பனைப் பிரிவில் இருந்த சந்தோஷ்குமார் நேரே உயர்ந்த மாடலுக்குக் கூட்டிப் போனான். அதில் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி தனியாக இருந்தது. உள்ளே எவ்வளவு நுண்தூசி மிதக்கிறது என்று திரையில் எண்ணாகவே காட்டியது. பிரியா ஓட்டிப் பார்த்தாள். நூற்றுச் சொச்சத்தில் தொடங்கிய எண், ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் இருபதுக்கு இறங்கிவிட்டது. பின் சீட்டிலிருந்த குணசீலன் எண்ணைப் பார்ப்பதா, அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதா என்று தவித்துக்கொண்டே வந்தார். விசில் இல்லை. இதையே எடுத்துடலாம் என்று இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாகப் பேச்சு. அதைப் பார்த்து மதிப்புப் போட சர்வீஸ் பக்கத்திலிருந்து தீனதயாளன் வந்தார். தலை நரைத்த மெக்கானிக். இன்ஜின், டயர், அடிப்பாகம் எல்லாம் பார்த்துவிட்டு, எதற்கு இந்த வண்டியைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பிரியா தன் மூச்சுக் கதையைச் சொன்னாள். அவர் முன் சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னாலிருந்த ஏசி ஃபில்டரை உருவினார்.

ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. குணசீலனுக்குப் பெருமை தாங்கவில்லை. இருக்காதா பின்னே? ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டதில்லை. அதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், லாரி ஃபில்டருக்கு அடிக்கிற மாதிரியே கம்ப்ரெசரில் காற்றடித்து, தூசி பறக்கப் பறக்கச் சுத்தம் செய்து, அவரே திரும்ப மாட்டுவார். எந்தப் பையனிடமும் அந்த வேலையை விட்டதில்லை.

தீனதயாளன் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மடிப்பு மடிப்பாக இருந்த அந்தத் தாளில் அங்கங்கே பொடிப் பொடியாக வெளிச்சம் தெரிந்தது. ஓரத்துப் பஞ்சு நைந்து ஒரு பக்கம் இடைவெளி விட்டிருந்தது. பிறகு டார்ச்சை உள்ளே அடித்து, குணசீலனைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஃபில்டரைத் தாண்டி உள்ளே காற்றைத் தள்ளுகிற ப்ளோயரின் இறக்கைகளில் புகைக்கரி அப்பிக் கிடந்தது.

"இதுக்குக் காத்து அடிக்கிறீங்களா?"

"வாரம் தவறாம அடிக்கறனுங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

தீனதயாளன் பக்குவமாகத்தான் சொன்னார். லாரி ஃபில்டர் கெட்டித் தாள், அதற்கே காற்றைப் பார்த்து அடிக்க வேண்டும். இது மெல்லிய இழை. இழைகளில் இருக்கிற மின் ஏற்றம்தான் நுண்தூசியை இழுத்துப் பிடிக்கும். கம்ப்ரெசர் காற்று பட்டால் இழை விலகிக் கிழியும், கண்ணுக்குத் தெரிகிற குப்பை போய்விடும், கண்ணுக்குத் தெரியாத தூசி ஓட்டை வழியாக நேரே ஓட்டுகிறவர் முகத்துக்குப் போகும். இதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

குணசீலனுக்குக் காது அடைத்துவிட்டது. மூன்று வருடம், நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமை. கணக்குப் போட வேண்டாம் என்று நினைக்க நினைக்க மனசு போட்டுத் தொலைத்தது. பிரியாவின் பக்கம் திரும்பவே அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அவள் கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு கருவி ஒன்றை எடுத்தாள். டாக்டர் சொல்லி வாங்கிய தூசி மீட்டர். காலையில் வரும்போது, வெளிக்காற்றை அடைத்துவிட்டு ஓட்டியும் இந்தக் காருக்குள் எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை என்றாள். புது ஃபில்டர் ஒன்று மாட்டிக் கொடுங்கள், அதே வழியில் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கிறேன் என்று தீனதயாளனிடம் கேட்டாள். சந்தோஷ்குமாரின் முகம் தொங்கிப் போனது. தீனதயாளன் ப்ளோயரைத் துடைத்து, வாடையை உறிஞ்சும் கரித்தூள் சேர்த்துச் செய்த ஃபில்டராகப் பார்த்து மாட்டினார். புகை வாடைக்கும் இது கொஞ்சம் ஈடு கொடுக்கும், முழுசாக இல்லை என்றார். நெரிசல் தாண்டியதும் அவ்வப்போது வெளிக்காற்றைத் திறந்து விடுங்கள், ஒரேயடியாக அடைத்தால் தூக்கம் கண்ணைச் சொக்கும் என்றும் சொன்னார்.

பிரியா ஓட்ட, குணசீலன் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தாறு. எழுபது. ஐந்து ரோட்டில், அதே சிக்னலில், அதே மாதிரி ஒரு பஸ் முன்னால் வந்து நின்று உறுமியது. அவர் இன்ஹேலரை எடுத்து மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். நாற்பத்தொன்று. முப்பது. இருபத்தாறு. பச்சை விழுந்தது, கார் நகர்ந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எண் இறங்காமல் இருந்திருந்தால் அவர் வண்டி மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

"அந்தப் பெரிய வண்டியவே எடுத்துக்கலாம் பிரியா," என்றார்.

"வேண்டாங்க. திங்கக்கெழம டாக்டர்கிட்ட இந்த நம்பரக் காட்டறேன். அவரு சரின்னா இதையே ஓட்டிக்கறேன்."

"எம்மேல கோவமில்லயா?"

அவள் கியரை மாற்றினாள். திட்டினால் தேவலை என்று காத்திருந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பார்.

"கோவமெல்லாம் இல்லீங்க," என்றாள் ரோட்டைப் பார்த்தபடியே. "அன்னிக்கு அந்த பஸ்ஸப் பாத்ததும் எறங்கி ஓடிரலாம்னுதான் நெனச்சேன். ஃபில்டர நீங்கதான சுத்தம் பண்ணுனீங்க, ஒன்னும் ஆவாதுன்னுதான் கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன்."