மூன்று நூல் ஆசிரியர்

பதிப்பகத்தில் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். பிரதி திருத்துவது அவள் வேலை. ஒரு சொல் உபரியாகக் கண்ணில் பட்டால் அதை வெட்டாமல் அவளால் அடுத்த வரிக்குப் போக முடியாது.

அந்த ஆண்டு மொழிபெயர்ப்பு நூல்கள் நிறைய வந்தன. எல்லாவற்றிலும் ஒரே நோய். கதாநாயகன் ஐந்து நிமிடங்கள் காத்திருந்து, மூன்று கிலோமீட்டர்கள் நடந்து, இரண்டு முட்டைகள் தின்றான். பதிப்பாளர் ஒருநாள் தாளை அவள் மேசையில் போட்டுவிட்டு, வீட்டில் யாராவது ரெண்டு முட்டைகள் வாங்கிட்டு வா என்று சொல்வார்களா என்று கேட்டார். எண் முன்னால் நின்று எத்தனை என்று சொல்லிவிட்ட பிறகு, பின்னால் ‘கள்’ வந்து அதையே சொல்வானேன் என்பது அவர் கட்சி. கத்தரிக்கு அது சர்க்கரையாக இனித்தது. ஐந்து நிமிடம், மூன்று கிலோமீட்டர், இரண்டு முட்டை. பக்கங்கள் மூச்சு விட்டன.

ஆனால் போகப்போகக் குழம்பினாள். மேசைமேல் கிடந்த புத்தகங்களை எடுத்தான் என்ற இடத்தில் கை போன வேகத்தில் ‘கள்’ளை வெட்டியபோது, பத்துப் புத்தகம் ஒரு புத்தகமாகிவிட்டது. எண் இல்லாத இடத்தில் எண்ணிக்கையைச் சொல்ல ‘கள்’ மட்டும்தான் இருக்கிறது என்று பதிப்பாளர் சொல்லித் திரும்பப் போடவைத்தார். மனிதர்கள் என்றால் எண் இருந்தாலும் வேண்டும், இரண்டு பெண்கள் என்றுதான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அப்படியானால் மூன்று பேர் என்பதில் ஏன் ‘கள்’ இல்லை என்று அவள் கேட்டாள். பேர் என்பது வேறு கதை என்றார் அவர். அந்தக் கதை என்ன என்று சொல்வதற்குள் போன் வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் அழைப்பிதழ் வேலை வந்தது. மூன்று புதியவர்களின் முதல் நூல்கள் ஒரே மாலையில் வெளியாகவிருந்தன. ஒருவர் நீச்சல் பயிற்சியாளர், ஒருவர் முன்னாள் நீதிமன்ற எழுத்தர், மூன்றாவது கத்தரியின் சொந்த அக்கா. அக்கா மருத்துவமனையில் செவிலியர். வார்டில் பார்த்ததையெல்லாம் எழுதிவைத்திருந்தாள். நீச்சல்காரர் தன் புனைபெயரை முடிவு செய்யாமல் இழுத்தடித்ததால் அழைப்பிதழில் யார் பெயரையும் போட வேண்டாம் என்றார் பதிப்பாளர். ‘மூன்று நூல் ஆசிரியர்கள் ஏற்புரை’ என்று எழுதிக் கொடுத்தார்.

கத்தரி அதை நெடுநேரம் பார்த்தாள். மனிதர்களுக்குக் ‘கள்’ வேண்டும்தான். ஆனால் ஆசிரியர் என்பதில் ஏற்கெனவே ‘அர்’ இருக்கிறதே, அந்தக் காலத்தில் அதுவே பன்மைதானே, அதன் தலையில் இன்னொரு பன்மையா? மூன்று பேர் போல மூன்று ஆசிரியர் என்றால் என்ன குறைந்துவிடும்? அட்டை வேறு குறுகல். வெட்டினாள். ‘மூன்று நூல்’ ஒரு வரியிலும் ‘ஆசிரியர் ஏற்புரை’ அடுத்த வரியிலும் அழகாக உட்கார்ந்தன.

அழைப்பிதழ் போன பிறகு அக்கா போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் டூட்டி என்று வைத்துவிடுவாள். நூல் வருகிற மகிழ்ச்சியில் துள்ளிக்கொண்டிருந்தவள் இப்படி மாறியது ஏன் என்று கத்தரிக்குப் புரியவில்லை. அத்தானிடம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை, பேசுவதற்கு எழுதிவைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டாள் என்று மட்டும் சொன்னார்.

விழா மாலை அவள் அரங்குக்குப் போனபோது, மேடையில் தலைமைக்கு ஒன்றும் ஏற்புரைக்கு ஒன்றுமாக இரண்டே நாற்காலி. இரண்டாவதில் பூச்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். எறும்பு, தும்பி, வண்டு என்று இதே பதிப்பகத்தில் மூன்று நூல் எழுதியவர். புதுச் சட்டை, மடியில் உரை. கத்தரி அரங்க மேலாளரைத் தேடிப் பிடித்தாள்.

“ஏற்புரைக்கு மூணு நாற்காலி வேணுமே. பேசறது மூணு பேர்.”

“மூணு பேரா? மூணு நூல் எழுதினவர்னுதானே போட்டிருக்கு. அவரும் அப்பவே வந்து உட்கார்ந்துட்டாரு.”

அவள் அழைப்பிதழை வாங்கிப் படித்தாள். முதல் தடவை மூன்று ஆசிரியர் தெரிந்தார்கள். இரண்டாம் தடவை ஒரே ஆசிரியர், அவர் கையில் மூன்று நூல். மூன்றாம் தடவை எது முதலில் தெரிந்தது என்பதே மறந்துவிட்டது. ‘அர்’ மரியாதைக்கும் வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆசிரியர் வந்தார் என்றால் இன்றைக்கு யாரும் இரண்டு பேரைத் தேட மாட்டார்கள். பேசுவார்கள் என்று ஒரு வினைச்சொல் பின்னால் வந்திருந்தாலாவது தப்பித்திருக்கலாம். அதற்கும் அட்டையில் இடமில்லை.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். பணி உடையை மாற்றாமலே வந்திருந்தாள். உள்ளே வரும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

“அக்கா, நீ பேசணும்கா.”

“நான் எதுக்கு? மூணு நூல் எழுதினவரு பேசுவாரு. நான் ஒண்ணு எழுதினவ. அதை நீயே அச்சடிச்சு அனுப்பியிருக்க, வந்து கைதட்டுன்னு.”

“மூணு ஆசிரியர்னா நீங்க மூணு பேரும்தான். நான்தான் ‘கள்’ளை எடுத்துட்டேன்.”

“எதை எடுத்த?”

அவள் விளக்கினாள். முட்டையில் தொடங்கி, பேரில் தடுக்கி, ‘அர்’ வரைக்கும் வந்தாள். அக்கா நோயாளி உளறுவதைக் கேட்கும் பொறுமையோடு கேட்டாள்.

“ரெண்டு எழுத்துக்காகவா நான் இத்தனை நாள் அழுதேன்?” என்றாள் கடைசியில்.

அது கோபமா சிரிப்பா என்று கத்தரியால் பிரிக்க முடியவில்லை.

மேடைக்கு மூன்று நாற்காலி ஏறியது. பூச்சிக்காரரிடம் சொல்லும் பொறுப்பைப் பதிப்பாளர் அவள் தலையிலேயே கட்டினார். அவள் காதோரம் குனிந்து சொன்னாள். அவர் அழைப்பிதழைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“அப்ப இது நான் இல்லையா?” என்றார். பிறகு, “எப்படிப் படிச்சாலும் நானாத்தானேம்மா தெரியுது” என்றார். அவர் குரலில் இருந்த ஏமாற்றம் அவளைச் சுட்டது. எழுந்திருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. நால்வரும் பேசினார்கள். அவர் வண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகப் பேசிக் கைதட்டல் வாங்கினார். நீச்சல்காரர் புனைபெயரை மேடையிலேயே மாற்றினார். எழுத்தர் மைக்கைப் பார்த்தே பயந்தார்.

அக்கா தாளில்லாமல் பேசினாள். இரவுப் பணியில் தன் பொறுப்பில் ஆறு கட்டில் என்றாள். சற்று நிறுத்தி, அந்த ஆறு கட்டில்களும் ஒன்றுபோல் இருக்காது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முனகல் உண்டு என்றாள். முதல் வரிசையில் இருந்த கத்தரியின் விரல்கள் தாமாகவே பேனாவைத் தேடின. முதலில் சொன்னதில் ‘கள்’ இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. இரண்டும் சரியாக ஒலித்தன. இரண்டாவதை ஏன் வெட்டக் கூடாது என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. வெட்டினால் வலிக்கும் என்று மட்டும் தெரிந்தது.

விழா முடிந்து வாசகர்கள் கையெழுத்துக்குச் சூழ்ந்துகொண்டார்கள். தங்கையும் ஒரு பிரதியை நீட்டினாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பேனா தாளைத் தொடாமல் நின்றது.

“என்னன்னு எழுதட்டும்? தங்கைக்குன்னா, இல்ல தங்கச்சிக்குன்னா?”

“உனக்கு எப்படித் தோணுதோ அப்படி எழுதுக்கா. நான் திருத்த மாட்டேன்.”

அக்கா கையெழுத்தை மட்டும் போட்டு மூடிக் கொடுத்தாள். மேலே விட்டிருந்த வெற்றிடம் மறதியா, பிறகு எழுதலாம் என்பதா, இன்னும் மீதமிருக்கும் வருத்தமா என்று பேருந்தில் வீடு போகும் வரை கத்தரி யோசித்துக்கொண்டே போனாள்.