சனிக்கிழமைக்கு இரண்டே வேலை

பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயர் மின்னல். பதினாறு வருடம் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் போயிற்று; அசதி மட்டும் தங்கிவிட்டது. எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. இப்போது அரைநாள் மட்டும், ஓட்டுநர்களுக்குப் பணி ஒதுக்கும் மேசையில் வேலை.

நன்றாக இருக்கும் நாள்தான் ஆபத்து என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார். போன வருடம் ஒருநாள், உடம்பு லேசாக இருக்கிறதே என்று பரணில் இருந்ததை முழுக்க இறக்கித் துடைத்தார். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மாலை சாய்ந்தவர் ஐந்து நாள் எழவில்லை. மகளின் நீச்சல் போட்டி அந்த ஐந்து நாளுக்குள் முடிந்துபோனது. களைத்த பிறகு படுக்காதீர்கள், களைக்கும் முன்பே படுங்கள் என்றார் மருத்துவர்.

இந்த வருடப் போட்டி சனிக்கிழமை நான்கு மணிக்கு. காலண்டரில் அன்றைக்கு இரண்டே வேலை எழுதினார்: குளியல், போட்டி. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் அரைமணி நேரப் படுக்கை. திரையை இழுத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.

அன்று பார்த்து உடம்பு லேசாக இருந்தது. ஒன்பதே முக்காலுக்கு அண்ணன் வந்தார், கையில் துளைபோடும் கருவி. புத்தக அலமாரியைக் கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு கை பிடிக்கச் சொன்னார்.

"இன்னிக்கு முடியாதுண்ணே. படுக்கப் போறேன்."

"பார்த்தா நல்லாத்தானே இருக்கே? படுத்தே கிடந்தா உடம்பு துருப்பிடிச்சிடும்டா."

பழைய ஆளாக இருந்தால் ரோஷத்தில் அலமாரியைத் தூக்கப் போயிருப்பார். இப்போது குரல்கூட உயரவில்லை.

"வண்டி ஓட்டுறவனுக்கு ஓய்வு ஒதுக்காம நான் யாரையும் ரோட்டுக்கு அனுப்புறதில்ல. எனக்கு மட்டும் எதுக்குண்ணே வேற நியாயம்?"

அண்ணன் முகம் சுண்டியது. மின்னலின் மனைவி வந்து அலமாரியின் மறுமுனையைப் பிடித்தாள். சுவர் அதிரும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் அப்படிப் படுத்திருக்கும்போது நெஞ்சு உறுத்தும். அன்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

மாலை அண்ணன்தான் காரில் கூட்டிப்போனார். படியேறும் வரிசைகளை விட்டு, வாசலையொட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார் மின்னல். மகள் ஐந்தாவதாக இருந்து, திரும்பி வரும் நீளத்தில் இரண்டு பேரை முந்தி மூன்றாவதாகச் சுவரைத் தொட்டாள். தண்ணீருக்குள் இருந்தபடியே அப்பாவைத் தேடினாள். அப்பா இருந்தார்.

பரிசளிப்பு வரை இருக்கும்படி பயிற்சியாளர் வற்புறுத்தினார். மின்னல் வாய் திறக்கும் முன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"இல்லீங்க, அவன் கிளம்பணும். படுக்கிற நேரம்."

ஞாயிறும் திங்களும் காலண்டரில் காலி. இரண்டு நாளும் அப்படியே கிடந்தார், கூச்சமில்லாமல். போன வருடம் போன்ற சரிவு வரவில்லை. செவ்வாய் காலை மேசைக்குப் போனதும் பக்கத்து மேசைக்காரர், பொண்ணு ஜெயிச்சாளா என்று கேட்டார்.

"மூணாவது," என்றார் மின்னல். "நான் முழுசாப் பார்த்தேன்."

சொல்லும்போது பதக்கம் தன் கழுத்தில் தொங்குவது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.