நூறும் இரண்டு கோடும்

தையல் தொழிற்சாலையின் முதலுதவி அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. உடல்வெப்பம் 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே சம்பளத்துடன் விடுப்பு. கீழே மேலாளரின் கையொப்பம், அரை முழ நீளத்துக்கு. அதற்கு நேர் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ், யாருக்கும் சலுகை காட்டாதவள் என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான்கு மாதங்களுக்கு முன் பேட்டரி தெர்மாமீட்டர் பழுதானது. புதிதாக ஒன்று வாங்கித் தரும்படி அவள் எழுதிக் கேட்டதற்கு, மேலாளர் கிடங்கிலிருந்து ஒரு பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து அனுப்பினார். "இதுக்கு பேட்டரிச் செலவே இல்லையே" என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது.

அளவுக்காரம்மா வந்தபோது காலை பத்து மணி. வெட்டிய துணியை நாடாவால் அளந்து சரிபார்ப்பது அவள் வேலை. அதனாலேயே தொழிற்சாலை முழுவதும் அவளுக்கு அந்தப் பெயர். முந்தைய இரண்டு நாளும் இதே நேரத்துக்கு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே பதிலைக் கேட்டுத் திரும்பியவள்.

"இன்னைக்காவது ஏறியிருக்கான்னு பாருங்க சிஸ்டர். காய்ச்சலுக்கும் டார்கெட் வெச்ச கம்பெனி இது ஒண்ணுதான்."

"வாயை மூடும்மா. பேசினா அளவு தப்பா வரும்."

நர்ஸ் தெர்மாமீட்டரை மணிக்கட்டால் உதறி, பாதரசம் 96-க்குக் கீழே இறங்கியதைப் பார்த்துவிட்டு, அவள் நாக்கின் அடியில் வைத்தாள். மூன்று நிமிடம் கழித்து எடுத்து, துடைத்து, பாதரசக் குமிழில் விரல் படாமல் மறுமுனையைப் பிடித்து, கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாக நிறுத்தினாள். மெல்ல உருட்டியதும் ஒரு கோணத்தில் வெள்ளிக் கீற்று பளிச்சென்று தெரிந்தது. நூற்றைத் தாண்டி, இரண்டாவது சின்னக் கோட்டில் நின்றது.

"நூறு பாயிண்ட் ரெண்டு. நேத்து மாதிரியேதான். போய் வேலையைப் பாரு."

"கொஞ்சம் காட்டுங்க சிஸ்டர்."

"உனக்கென்ன தெரியும் இதுல?"

"நாள் முழுக்கக் கோடு எண்ணித்தானே சாப்பிடறேன்?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன; ஆனால் பார்வை தடுமாறவில்லை. "நூறுக்கும் நூத்தியொண்ணுக்கும் நடுவுல சின்னக் கோடு நாலுதான் இருக்கு. நீங்க நூறு பாயிண்ட் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணறீங்க. அதுக்கு அடுத்த கோடு நேரா நூத்தியொண்ணு. பாயிண்ட் அஞ்சு, ஆறு, ஏழெல்லாம் எந்த ஊருக்குப் போச்சு?"

நர்ஸ் கோடுகளை எண்ணிப் பார்த்தாள். நாலுதான். படித்த காலத்திலும், அதன் பிறகு மருத்துவமனையில் இருந்த ஒன்பது ஆண்டுகளிலும் அவள் கையாண்டவை செல்சியஸ் தெர்மாமீட்டர்கள். அவற்றில் ஒரு டிகிரி பத்துப் பாகம். ஒரு சின்னக் கோட்டுக்கு ஒரு புள்ளி. இதுவோ பாரன்ஹீட். இதில் ஒரு டிகிரி ஐந்தே பாகம். ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளி. எண்களைப் பார்த்தாளேயொழிய, கோடுகளை ஒருநாளும் எண்ணவில்லை. பழகிய கண் அவளை ஏமாற்றிவிட்டது.

அப்படியானால் இரண்டு கோடு என்பது 100.4. நேற்றும் 100.4. முந்தாநாளும் 100.4. நான்காவது கோடு வரை ஏறி 100.8 ஆன பிறகே இவள் மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றாள். பாதரசத்தை இறக்குவதற்காக வேகமாக உதறினாள். நான்கு மாதமாக உதறிய அதே கை. அன்றைக்கு மட்டும் மேசை விளிம்பில் மோதியது.

சின்னச் சத்தம்தான். தரையில் வெள்ளி மணிகள் நாலாபுறமும் ஓடின.

சத்தம் கேட்டுத் துப்புரவுக்காரி துடைப்பத்துடன் வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் மேலாளரும் வந்தார்.

"என்னம்மா பார்த்துட்டு நிக்கிற? கூட்டித் தள்ளு."

"துடைப்பம் வேணாம் சார்!" என்று நர்ஸ் கத்தினாள். "கூட்டினா சின்னச் சின்னதாச் சிதறிப் பரவும். அதோட ஆவி மூச்சுல போனா விஷம். எல்லாரும் வெளியே போங்க. யாரும் மிதிக்காதீங்க. அந்த மின்விசிறியை நிறுத்துங்க."

விஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார். நடுங்கிக்கொண்டிருந்த அளவுக்காரம்மாவையும் அவரே அவசரப்படுத்தினார். அவளை வெளியே அனுப்பவைக்க அவளுடைய காய்ச்சலால் மூன்று நாளாக முடியாத காரியத்தை ஒரு துளி பாதரசம் ஒரே நொடியில் செய்து முடித்தது.

நர்ஸ் உள்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்தாள். பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கையுறை மாட்டினாள். கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மூடியுள்ள ஒரு தடித்த பாட்டிலில் போட்டாள். இரண்டு கெட்டி அட்டைகளால் மணிகளை மெல்லத் தள்ளி ஒன்றுசேர்த்து, சொட்டுக்குழாயால் உறிஞ்சி அதே பாட்டிலில் விட்டாள். பிறகு தரையோடு தரையாக டார்ச் அடித்துப் பார்த்தாள். நாற்காலிக் காலருகே ஊசிமுனை அளவில் மின்னியவற்றை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்தாள். நாடா, அட்டை, சொட்டுக்குழாய், கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டினாள். பாட்டிலை இறுக மூடி, 'பாதரசம், திறக்காதீர்' என்று எழுதி ஒட்டினாள். தன் செருப்பின் அடியையும் மறக்காமல் பார்த்தாள்.

ரெஜிஸ்டரையும் விடுப்புச் சீட்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டியதும், "நாளைக்கு வரைக்கும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும் சார். இந்தப் பாட்டிலையும் பையையும் குப்பையில போடக்கூடாது, சாக்கடையிலயும் ஊத்தக்கூடாது. ஆபத்தான கழிவு எடுக்கறவங்ககிட்ட கொடுக்கணும்" என்றாள். பிறகு சொன்னாள்: "இன்னொரு விஷயம். இந்தம்மாவுக்கு நூறு பாயிண்ட் நாலு. மூணு நாளா அதேதான். நான்தான் தப்பாப் படிச்சேன்."

"ரெஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கு?"

"நூறு பாயிண்ட் ரெண்டு. அதான் தப்புன்னு சொல்றேனே."

"சரி, அளந்து காட்டுங்க."

"உடைஞ்சு போச்சே சார்."

"அப்புறம் எதை வெச்சுச் சொல்றீங்க?"

நர்ஸ் மூடிய பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். 98 முதல் 102 வரை எழுதிய துண்டு உடையாமல் பாட்டிலின் சுவரில் சாய்ந்திருந்தது. "எண்ணிப் பாருங்க சார். நடுவுல நாலே கோடு. ஒவ்வொண்ணும் ரெண்டு பாயிண்ட்."

"மூக்குக்கண்ணாடியை மேசையில விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் அவர். அது அவருடைய சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "புது தெர்மாமீட்டர் அடுத்த வாரம் வரும். அது வர்ற வரைக்கும் யாருக்கும் காய்ச்சல்னு எழுதிடாதீங்க. அளக்காம எழுதினா அது பொய்யில்லையா?"

நான்கு மாதப் பொய்யைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டவர் உண்மைக்குச் சான்று கேட்டுவிட்டு நடந்தார்.

நர்ஸ் தன் பொறுப்பிலேயே விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில் அந்தச் சீட்டுடன் அளவுக்காரம்மா திரும்பி வந்தாள்.

"மேலாளர் கையெழுத்து இல்லாம விடமாட்டேங்கறார் வாட்ச்மேன். மீறிப் போனா மூணு நாள் சம்பளத்தைப் பிடிச்சுடுவாங்களாம்."

"என்னை மன்னிச்சுடும்மா."

"நீங்க வேணும்னே செய்யலைன்னு தெரியும் சிஸ்டர்." அவள் கழுத்திலிருந்த நாடாவைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா உங்க மேல தப்பில்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ரெண்டு ராத்திரி உடம்பு அனலாக் கொதிச்சுது. காய்ச்சலே இல்லைன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்களேன்னு, வீட்டுலகூட யாரையும் எழுப்பாமக் கிடந்தேன்."

அவள் தன் மேசைக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு நாடாவை விரித்து, ஒரு சட்டைக் கழுத்துப்பட்டையின் மேல் வைத்து, குனிந்து கோடுகளை எண்ணத் தொடங்கினாள்.

நர்ஸ் நடைவழியிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் பிரித்தாள். நான்கு மாதத்தில் 100.2 என்று பத்தொன்பது இடங்களிலும், 100.3 என்று ஏழு இடங்களிலும் அவளுடைய அழகான கையெழுத்து நின்றது. ஒவ்வோர் எண்ணையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான அளவை எழுதி, கையொப்பமிட்டாள். அந்தப் பெயர்களில் பதினொருவர் இப்போது அங்கே வேலையில் இல்லை. ஏன் நின்றுவிட்டார்கள் என்று அவள் அதுவரை யாரையும் கேட்டதில்லை.