ஒன்றில் நின்றவன்

அண்ணிக்குத் தட்டச்சு செய்பவர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. தட்டச்சுக்குப் போன தாள் தெருவுக்குப் போன மாதிரி என்பார். அதனால் நிகழ்தகவுத் தாளின் கேள்விகளை வருடாவருடம் தன் கையாலேயே எழுதி, அதையே நகலெடுத்துத் தேர்வு அறைக்கு அனுப்புவார். கணிதத் துறைக்குத் தலைவி அவர்; வேண்டாமென்று யார் சொல்வது? கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். கேள்விதான் அப்படி இருக்காது என்பது மாணவர்கள் பேச்சு.

புதுக் கேள்வி யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை. பழைய கேள்வியில் ஓர் எண்ணை மாற்றுவார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே கவிழ வேண்டும்.

அப்படி மாறியதுதான் சூதாடி கேள்வி. ஒருவன் ஐந்து பந்தய வில்லைகளோடு ஆட உட்காருகிறான். நாணயம் சுண்டிப் பூ விழுந்தால் பந்தயம் கட்டிய அளவுக்கு அவன் கையிருப்பு கூடும், தலை விழுந்தால் அந்த அளவுக்குக் குறையும். கடன் கிடையாது. கையில் பதினொன்று சேர்ந்தால் வென்று எழுந்துவிடுவான். பந்தயம் கட்ட வழியில்லாமல் போனால் தோற்று எழுந்துவிடுவான். அவன் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு?

முன்பெல்லாம் பந்தயம் ஒரு வில்லை. விடை பதினொன்றில் ஐந்து. இந்த வருடம் பந்தயத்தை இரண்டு வில்லை ஆக்கினார் அண்ணி. விடையை மாற்றவில்லை. சமமான ஆட்டத்தில் பந்தயம் சிறிதானால் என்ன, பெரிதானால் என்ன, விகிதம் அதேதான். மாறும் என்று நினைத்துக் குழம்புகிறவன் குழம்பட்டும் என்று, விடைக்குறிப்பிலும் பதினொன்றில் ஐந்து என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுமதிப்பீட்டுக்கு வந்த தாள்களைச் சின்னவள் திருத்தினாள். அண்ணியின் நாத்தனார் அவள். அதே துறையில் விரிவுரையாளர், அதே வீட்டின் மாடியில் குடியிருப்பு. துறையில் 'மேடம்', படியேறி வீட்டுக்கு வந்தால் 'அண்ணி'.

ஒரு தாளில் சூத்திரமே இல்லை. பென்சிலால் ஒரு கோடு கிழித்து, அதில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று புள்ளி வைத்திருந்தது. ஒன்றின் மேல் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில், 'இங்கே நின்றுவிடுவான், கட்ட இரண்டு இல்லை' என்று ஒரு வரி. ஒன்றிலிருந்து பதினொன்றுக்கு ஐந்து தாவல், அவன் நிற்பது இரண்டாவது தாவலில். ஆக விடை, ஐந்தில் இரண்டு. முதலில் திருத்தியவர் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சுழியம் போட்டிருந்தார். கேள்விக்குப் பத்து மதிப்பெண். தேற ஐம்பது வேண்டும். அந்தத் தாளில் இருந்தது நாற்பத்திரண்டு.

தாள்களை வாங்க வந்த அலுவலக எழுத்தர், கேட்காமலே விவரம் சொன்னார். அந்தத் தாளை எழுதிய பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் தேர்ச்சிச் சான்றிதழ் காட்டாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடுமாம். தினம் வந்து கவுண்டர் முன்னால் நிற்கிறாளாம். சொல்லியிருக்கக் கூடாதுதான். சின்னவளும் கேட்டிருக்கக் கூடாது.

ஆனால் குறிப்பைத் தாண்டி மதிப்பெண் போட மறுமதிப்பீட்டாளருக்கு அதிகாரமில்லை. குறிப்பை மாற்றக் கேள்வி எழுதியவரே கையெழுத்திட வேண்டும். சின்னவள் தாளோடு அண்ணியின் அறைக்குப் போனாள். அண்ணி தாளை வாங்கக்கூட இல்லை. வில்லையை இரண்டிரண்டாகக் கட்டி ஒரு கட்டு என்று வைத்துக்கொள், இரண்டரைக் கட்டோடு உட்கார்ந்தவன் ஐந்தரைக் கட்டுக்கு ஆடுகிறான், வகுத்தால் என்ன வருகிறது என்று கேட்டார். பதினொன்றில் ஐந்துதான் வந்தது. வந்த வழியே போ என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் காலையில் சின்னவள் கீழே இறங்கி வந்தபோது அண்ணி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் மேசையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"அண்ணி, ஒரே ஒரு கேள்வி. அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீயா? நடக்கிற காரியமா சொல்லு."

"பதினோரு பேர் ஆளுக்கு அஞ்சோட வர்றாங்க. மொத்தம் அம்பத்தஞ்சு. உங்க கணக்குப்படி சராசரியா அஞ்சு பேர் ஜெயிச்சு, ஆளுக்குப் பதினொண்ணு எடுத்துட்டுப் போறாங்க. அதுவே அம்பத்தஞ்சு ஆச்சு. தோத்த ஆறு பேர் கையில என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. தோத்தவன் கையில என்ன இருக்கும்?"

"அஞ்சுல ரெண்டு போனா மூணு. மூணுல ரெண்டு போனா?"

அண்ணியின் துணி மேடையின் நடுவில் நின்றது.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அண்ணன், "ஒண்ணு" என்றார். கணக்கு வாசனையே இல்லாத மனிதர். "இதுக்கா ரெண்டு பேரும் படிச்சீங்க?"

"நீங்க சும்மா இருங்க" என்றார் அண்ணி.

சின்னவள் மேலே சொன்னாள். ஆறு பேர் கையிலும் ஒவ்வொன்று மிச்சம். சமமான ஆட்டத்தில் வந்தது ஐம்பத்தைந்து என்றால் சராசரியாகப் போவதும் ஐம்பத்தைந்துதான். கூடுதலாக இந்த ஆறு எங்கிருந்து முளைத்தது? அந்தப் பெண்ணின் விடையைப் போட்டால் ஐந்து பேர் கொண்டுவந்தது இருபத்தைந்து. ஜெயித்த இரண்டு பேர் இருபத்திரண்டு, தோற்ற மூன்று பேர் மூன்று. இருபத்தைந்து.

அரைக்கட்டை எடுத்துக்கொண்டு யாரும் ஆட முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். துணியைப் பிழிந்து காயப்போட்டார்.

"நான் வச்ச பொறி" என்றார் கடைசியில். "யாரும் விழலைன்னு நினைச்சேன். முதல் ஆளா நானே விழுந்திருக்கேன்."

அன்றே தேர்வு அலுவலகத்துக்குப் போனார். கேள்வி தவறு என்று எழுதிக் கொடுங்கள் மேடம், எல்லாருக்கும் பத்து போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்று அதிகாரி வழி காட்டினார். அதில் யார் பெயரும் கெடாது.

"கேள்வியில தப்பு இல்லை" என்றார் அண்ணி. "விடை தப்பு. நான் எழுதின விடை." அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பத்திரண்டு ஆயிற்று. பதினொன்றில் ஐந்து என்று எழுதியவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அடுத்த வருடம் முதல் நிகழ்தகவுத் தாளை வேறொருவர் எழுதுவார் என்று இன்னொன்றும் வந்தது. இரண்டில் அண்ணிக்கு அதிகம் வலித்தது முதலாவதுதான். தப்பான விடைக்கு மார்க்கா என்று வாரம் முழுக்கச் சின்னவளைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார், அவள்தான் உத்தரவு போட்ட மாதிரி.

சான்றிதழ் வாங்க வந்த அன்று அந்தப் பெண்ணை எழுத்தர் துறைக்கு அனுப்பிவைத்தார். துறைத்தலைவி முத்திரை வேண்டியிருந்தது. அண்ணி முத்திரை குத்தினார். தாளைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் சூத்திரம் போட்டாங்க. நீ மட்டும் ஏம்மா கோடு போட்டே? ஒண்ணுலயே நின்னுடுவான்னு முதல்லயே தெரிஞ்சுதா?"

அந்தப் பெண் பக்கத்தில் நின்றிருந்த சின்னவளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்ல மேடம். சூத்திரம் மறந்துபோச்சு."

அண்ணி தாளை நீட்டினார். "வேலைக்குச் சேர்ந்த பிறகு பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்லித் தொலைக்காதே" என்றார்.