ஒரு சாண் குறைந்த திரை

"ஏமாத்துக்காரங்கன்னு எழுதியிருக்கான் அண்ணி! நான் பதில் போடுறேன், பாருங்க!"

நாத்தனார் கைப்பேசியோடு தையல் அறையிலிருந்து பாய்ந்து வந்தாள். ஜன்னல் திரைகளைத் தைப்பது அவள். இணையக் கடையைக் கவனிப்பது அண்ணி. வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பிய திரை ஒரு சாண் குட்டையாம். அவர் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்ததோடு, பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கியிலும் புகார் செய்திருந்தார்.

"கேட்ட அளவுக்குத்தானே தச்சேன்? அளவு சொல்லித் தச்சதுக்குப் பணம் திரும்பாதுன்னு போட்டிருக்கோமே?"

"இரு. முதல்ல அவர் பேசட்டும்" என்று அண்ணி அவரை அழைத்தாள்.

மனிதர் பொரிந்து தள்ளினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அம்மாவின் கண்ணில் காலை வெயில் அடிக்கிறதாம். அண்ணி குறுக்கே பேசவில்லை. மூச்சு வாங்க அவர் நிறுத்தியதும், "கம்பியிலிருந்து கீழ் ஓரம் வரைக்கும் டேப் வச்சு ஒரு படம் அனுப்புறீங்களா?" என்றாள்.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?"

"இல்லங்க. தப்பு எங்கன்னு தெரிஞ்சாத்தான் சரி பண்ண முடியும்."

படம் வந்தது. கேட்ட அளவு சரியாகவே இருந்தது, கம்பியில் மாட்டும் துணி வளையங்களையும் சேர்த்து. ஆனால் கடைப் பக்கத்துப் படத்தில் நீளக் கோடு வளையங்களுக்குக் கீழிருந்துதான் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் அவர் அளந்திருக்கிறார். வளையத்தையும் சேர்த்து அளப்பது புது வழக்கம், படம் பழையது.

பதில் போட எடுத்த கைப்பேசியை நாத்தனார் மேசையில் வைத்தாள்.

அண்ணி மறுபடி அழைத்தாள். "தப்பு எங்க பக்கம்தான். எங்க படம் உங்களைக் குழப்பிடுச்சு. வேற தச்சு அனுப்பட்டுமா, பணம் வேணுமா?"

"பணம்தான். இப்பவே."

"நீங்க பேங்க்ல புகார் குடுத்திருக்கீங்க. நானும் தனியா அனுப்பினா ரெண்டு தடவை போயிடும். புகாரை நான் எதிர்க்கல, ஒத்துக்கிறேன். பேங்க் மூலமாவே முழுசா வந்துடும், ஆனா சில நாள் ஆகும். திரையை எடுத்துட்டுப் போக எங்க செலவுல கூரியர் ஆள் வருவாரு."

"இழுத்தடிக்கிற வேலையா?"

"பேசினதையெல்லாம் எழுத்துலயும் அனுப்புறேன். வச்சுக்குங்க."

சொன்னபடி எழுதி அனுப்பினாள். வங்கியின் பக்கத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாகப் பதிந்தாள். பிறகு நாத்தனாரும் அவளுமாக உட்கார்ந்து, வளையத்தின் உச்சியிலிருந்து கோடு போட்டுப் படத்தை மாற்றினார்கள்.

அடுத்த வாரம் பணம் அவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. நட்சத்திரம் ஒன்றாகவே இருந்தது. அடியில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: 'பணம் முழுவதும் வந்துவிட்டது.'

"ஒரு நன்றி கூட இல்ல பாருங்க" என்றாள் நாத்தனார்.

"உண்மையைத்தானே எழுதியிருக்கார்" என்ற அண்ணி, அந்த வரிக்குக் கீழே அவருடைய அம்மா சீக்கிரம் தேறி வரட்டும் என்று எழுதிவிட்டு, அடுத்த ஆர்டரைத் திறந்தாள்.