தாளின் அட்டை

லண்டனில் படிக்கும் தியாவுக்கு இங்கிருந்து ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் அப்பா நவநீதகிருஷ்ணன் திரைக்குள் முகத்தை நீட்டினார்.

“ஏம்மா முருகலட்சுமி, ஸ்கூல்ல வச்ச மாதிரித் தேர்வுல கிரேடு அஞ்சுதான் வந்திருக்கு. உச்ச கிரேடு ஒம்பது வாங்க வைப்பன்னுதானே உன்னயப் பிடிச்சேன்? உனக்குக் காசு அனுப்புற பேபால்ல புகார் போட்டுட்டேன்.”

காலையில் என் ஒரு மாதச் சம்பளம் நிறுத்திவைக்கப்பட்டது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

“அண்ணே, கேள்வித்தாளோட அட்டையப் படிச்சீகளா? ஃபவுண்டேஷன்னு போட்டிருக்கு. அதுல நூத்துக்கு நூறு எடுத்தாலும் அஞ்சுக்கு மேல கிடையாது. ஒம்பது வேணும்னா ஹையர் தாள் எழுதணும். இது நம்ம ஊரு பத்தாவது மாதிரி எல்லாருக்கும் ஒரே தாள் இல்ல. முத வகுப்புலயே சொன்னேன், ஸ்கூல்ல பேசுங்கன்னு!”

“எம் பிள்ளைய எவன் அதுல போட்டான்? ஸ்கூல உண்டு இல்லைன்னு ஆக்குறேன் பாரு!”

தியா நோட்டை மூடினாள். “ஃபவுண்டேஷன்ல போடுறோம்னு ஸ்கூல்ல லெட்டர் குடுத்தாங்க. நீங்கதான்பா படிக்காம கையெழுத்துப் போட்டீங்க.”

பேபாலில் என் தரப்பு ஆதாரம் கேட்டிருந்த இடத்தில், தியா முன்பே அனுப்பியிருந்த அட்டையின் படத்தை ஏற்றினேன்.

“அண்ணே, அந்த லெட்டரையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஆதாரத்தோட சேத்து வைக்கிறேன்.”